தேவை எட்டு கூட, விருப்பம் எட்டு குறைய

எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் ஒருதலைப்பட்சமாக எழுதிவிட்டேன் என்று யாரும் மூக்கால் அழ வேண்டாம்.

எங்கள் தொழிலாளர் கடன் சங்கத்தில் அவரைப் புள்ளி சார் என்பார்கள். முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் வெறும் புள்ளி. நான் ரசீது போடும் மேஜையில் இருக்கிறேன். அவர் என் பக்கத்து மேஜை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. அதையும் எலி கடித்த காகிதங்களோடு ஒரு நாள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவர் குரலுக்கும் என் காதுக்கும் இடையில் ஒன்றுமில்லை.

சங்கத்தில் கடன் கேட்கும் எவரும் முதலில் தங்கள் வீட்டுக் கணக்கோடு அவர் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். வருமானத்தில் நூற்றுக்கு ஐம்பது தேவைக்கு, முப்பது விருப்பத்துக்கு, இருபது சேமிப்புக்கு. இதுதான் அளவுகோல். வந்தவர் வீட்டில் எந்தக் கூறு எத்தனை புள்ளி கூட, எத்தனை புள்ளி குறைய என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அந்த வித்தியாசத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவார். தேவையோ விருப்பமோ பத்துப் புள்ளிக்கு மேல் கூடினாலும், சேமிப்பு பத்துப் புள்ளிக்கு மேல் குறைந்தாலும் கடன் கிடையாது. மற்றபடி மேனேஜரிடம் போகலாம்.

வேலை என்னவோ நல்ல வேலைதான். அவர் அதைச் செய்கிற விதம்தான் பொறுக்காது. தாளைக் கையில் வாங்கும்போதே உதட்டைச் சுழிப்பார். "செல்போன் தவணை தேவையில போட்டிருக்கே. செல்போன் இல்லாம உங்க தாத்தா சாகலையா?" என்பார். வந்தவர் வெல்டராக இருக்கலாம், பேருந்து ஓட்டுநராக இருக்கலாம், வயதில் இவரைவிட மூத்தவராகவும் இருக்கலாம். அவருக்கு எல்லோரும் ஒன்றுதான். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமத்துவம் பார்ப்பார்.

ஒரு தடவை ஓட்டுநர் ஒருவர் மனைவியோடு வந்தார். தேவை பத்து கூட, விருப்பம் ஒன்பது குறைய, சேமிப்பு எட்டு குறைய. இவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மூணையும் கூட்டினா சைபர் வரணும். ஒரு பக்கம் கூடினது இன்னொரு பக்கம் குறைஞ்சுதானே ஆகணும்? உனக்கு ஏழு குறையுது. நூறு ரூபா சம்பாதிச்சா அதுல ஏழு ரூபாவைக் கணக்குலயே காட்டல. எங்க போகுது?" என்றார். சங்கமே திரும்பிப் பார்த்தது. ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மனைவி ஓட்டுநரைப் பார்த்தாள். கடைசியில், மனைவிக்குத் தெரியாமல் தன் அக்காவுக்கு அனுப்புவதாக அவர் சொன்னார். அந்த அம்மாள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனாள். புள்ளி சார், "அக்காவுக்கு அனுப்புறதையும் ஒரு வரியில எழுதிக் கொண்டா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். கணக்கில் அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

அவர் ஏன் இப்படி ஆனார் என்று கேட்டால் அதற்கும் ஒரு கதை உண்டு. சின்ன வயதில், அவர் அப்பா யாருடைய கடனுக்கோ ஜாமீன் போட்டார். கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான். வீட்டுக் கட்டிலை வசூல்காரர்கள் தூக்கிக்கொண்டு போனபோது இவருக்குக் காய்ச்சலாம். படுத்திருந்தவரை எழுப்பித் தரையில் உட்கார வைத்துவிட்டுக் கட்டிலை எடுத்தார்களாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் சொன்னார். அப்புறம் சொன்னதே இல்லை. கேட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஊரில் கட்டிலைப் பறிகொடுத்த எல்லோரும் அடுத்தவர் கட்டிலில் உட்கார்ந்து கணக்குக் கேட்பதில்லையே.

தனக்கென்று பார்த்தால் மனிதர் இன்னும் கஞ்சம். கடை டீ குடிக்க மாட்டார். சட்டை காலர் கிழிந்தால் திருப்பித் தைத்துப் போடுவார். இதைச் சொல்லிச் சிலர் அவரை மெச்சுவார்கள். தன் வாயைக் கட்டுகிறவனுக்கு அடுத்தவர் வாயைக் கட்ட உரிமை வந்துவிடுமா என்ன?

அந்த அடுத்தவர், அவருடைய மனைவிதான்.

அவள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஒட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். அவளும் எங்கள் சங்கத்து உறுப்பினர்தான். மாதம் ஒரு முறை என் மேஜைக்கு வருவாள். நான் ரசீது எழுதும் நேரத்துக்குள் ஏதாவது சொல்வாள். குறை சொல்லும் குரலில் அல்ல, வெயில் அதிகம் என்கிற மாதிரி சொல்வாள்.

வீட்டிலும் இதே கணக்குதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவளையும் பெண்ணையும் உட்கார வைத்து, போன மாத வித்தியாசத்தை வாசிப்பார். பெண்ணின் வண்ணப் பென்சில் விருப்பம். அவளுடைய மூக்குக்கண்ணாடி தேவைதான், ஆனால் பழையதில் இன்னும் ஒரு வருஷம் பார்க்கலாம் என்பதால் இப்போதைக்கு விருப்பம். மாதவிலக்குக்கு வாங்கும் பஞ்சுப் பட்டையையும் விருப்பத்தில்தான் போட்டாராம். துணி போதுமாம். இதைக் கேட்ட அன்று நான் ரசீதுப் புத்தகத்தில் கார்பன் வைக்க மறந்துவிட்டேன். அவ்வளவு ஆத்திரம்.

"நீ ஒண்ணும் கேக்கலையா?" என்றேன்.

"கேட்டேன்க்கா. கூறு பிரிக்கிறது அவர் தொழில்னு சொல்லிட்டாரு."

ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். நானும் அவள் ஊமைக்கோட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் ஒரு வேலை நாளில், வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவள் உள்ளே வந்தாள். என் மேஜைக்கு வரவில்லை. பெஞ்சில் கடைசியில் உட்கார்ந்து தன் முறை வந்ததும் எழுந்து போய்ப் புள்ளி சார் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளை நீட்டினாள். வாடகை முன்பணத்துக்குக் கடன் மனு.

அவர் முதலில் அவளைப் பார்க்கவே இல்லை. தாளைத்தான் பார்த்தார். "யாருக்கு வாடகை வீடு?" என்றார்.

"எனக்கும் பொண்ணுக்கும்."

நான் பேனாவை வைத்துவிட்டேன். வைக்காமல் எப்படி இருப்பது? அவர் காது மடல் சிவந்தது. தாளைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியவில்லை. குரலை மட்டும் தாழ்த்தி, "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

"வீட்ல பேசினா உங்க கணக்கு. இங்க பேசினா சங்கத்துக் கணக்கு. பாருங்க."

நான் குறுக்கே போனேன். "சார், உங்க வீட்டு விஷயம். நீங்க பாக்கறது முறையில்ல. அந்த மனுவை இப்படிக் கொடுங்க, நான் பாக்கறேன்."

"உங்களுக்குக் கூறு பிரிக்கத் தெரியுமா? உங்க வேலையைப் பாருங்க" என்று என் மேல் பாய்ந்தார்.

"அவரே பாக்கட்டும்க்கா" என்றாள் அவள். "அப்புறம் யாரோ தெரியாம போட்ட கையெழுத்துன்னு சொல்லிடுவாரு."

அப்போதுதான் அவருக்கு வேகம் வந்தது. அவளை அவர் கணக்கில் வீழ்த்திவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதும் போல உரக்க வாசிக்கத் தொடங்கினார். வாடகை ஐயாயிரம். சாப்பாட்டுச் சாமான் மூவாயிரம். மின்சாரம், எரிவாயு, தண்ணீர் தொள்ளாயிரம். பேருந்துக்கு எழுநூறு. பெண்ணின் பள்ளிக்கூடம் ஆயிரம். இந்தக் கடனுக்கான மாதத் தவணை ஆயிரம். மொத்தம் பதினோராயிரத்து அறுநூறு. அவளைத் தப்பில் மாட்டிவிட அவரால் முடியவில்லை. தவணையைக்கூடத் தேவையில் சரியாகப் போட்டிருந்தாள்.

"விருப்பம்" என்று வாசித்தபோது குரல் மாறியது. "ஓவிய வகுப்பு ஆயிரத்து இருநூறு. துணிமணி ஆயிரம். வெளியில சாப்பிட ஆயிரம். என் கைச்செலவு ஆயிரத்து இருநூறு." தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "கைச்செலவா? என்ன செலவு?"

"என்ன செலவுன்னு சொல்ல வேண்டாத செலவு."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அவர் பெஞ்சைப் பார்த்து முறைத்தார். சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்சம் தணிந்தது.

"வருமானம் இருபதாயிரம்னு போட்டிருக்கே. பொய். உன் கைக்கு வர்றது பதினாறாயிரம்." அவர் கால்குலேட்டரை எடுக்கக்கூட இல்லை. "பதினாறாயிரத்துல தேவை எழுபத்திரண்டரை. இருபத்திரண்டரைப் புள்ளி கூட. விருப்பம் இருபத்தேழரை, ரெண்டரை குறைய. சேமிப்பு ஒண்ணுமே இல்ல, இருபது குறைய. ரெண்டு கூறுல பத்தைத் தாண்டிடுச்சு. கடன் கிடையாது." தாளை அவள் பக்கம் தள்ளினார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கட்டிய மனைவி வீட்டைவிட்டுப் போகக் கிளம்பியிருக்கிறாள், இவருக்குக் கூட்டல் சரியாக வந்ததில் நிம்மதி.

அவள் தாளை எடுத்துக்கொள்ளவில்லை. பையிலிருந்து மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்தாள்.

"நாலாயிரம் மாசா மாசம் இந்தச் சங்கத்துக்குத்தான் பிடித்தம் ஆகுது. நானா எழுதிக் கொடுத்த பிடித்தம். அது சேமிப்பு. அதைத் திருப்பி வருமானத்துல கூட்டி, சேமிப்புலயும் காட்டணும். வர்றவங்க எல்லாரையும் இதுக்குத்தானே திட்டுவீங்க?"

அது உண்மை. அதற்காக அவர் போட்ட சத்தம் எனக்கு மனப்பாடம். வரியும் கட்டாயப் பிடித்தமும் போனது போனதுதான். ஆனால் ஒருவர் தானாக எழுதிக் கொடுத்துச் சம்பளத்திலேயே பிடிக்கிற சேமிப்பு அவருடைய வருமானத்தில் சேரும். அதை விட்டுவிட்டுக் கைக்கு வந்ததை மட்டும் எழுதினால், சேமிக்கிறவனும் சேமிக்காதவன் மாதிரி தெரிவான். இதே காரணத்துக்காக ஒரு வெல்டரை மூன்று தடவை திருப்பி அனுப்பியவர் இவர். அந்த வெல்டரும் அன்று பெஞ்சில்தான் இருந்தார். "ஆமாமா, கூட்டணும். எனக்கு அப்படித்தான் சொன்னாரு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

புள்ளி சார் சம்பளச் சீட்டுகளைக் கையால் மூடினார். நான் முதலில், கணக்கில் தோற்றுப்போன கோபம் என்றுதான் நினைத்தேன். அது இல்லை. அவர் முகத்தில் இருந்தது பயம்.

"அந்த டெபாசிட் உன் பேர்ல இல்ல" என்றார் மெதுவாக.

"யார் பேர்ல இருக்கு?"

அவர் பேனாவை மூடினார்.

"சொல்லுங்க. எனக்குத் தெரியும். இவங்களுக்கும் தெரியட்டும்."

சத்தம் கேட்டு மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வம்பு என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர், அன்று ஓட வழியில்லாமல் வெளியே வந்துவிட்டார். "யார் பேர்ல சார் இருக்கு?" என்றார் அவரும்.

"என் பேர்ல. சங்க ஊழியருக்கு வட்டி அரை சதவீதம் கூட. அதுக்காகத்தான். குடும்பத்துக்குத்தானே நல்லது." வார்த்தைகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. கல்யாணம் ஆன புதிதில் அவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார். அன்றிலிருந்து அவள் பசை தடவிச் சம்பாதித்ததில் ஐந்தில் ஒரு பங்கு இவர் கணக்கில் விழுந்துகொண்டிருக்கிறது. அவள் கண்ணாடிக்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்று இவர் சொன்னபோதும் விழுந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு எழுந்து போய் ஒன்று கொடுக்கலாம் போல இருந்தது. கையை மேஜையில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"அப்ப ரெண்டுல ஒண்ணு எழுதுங்க சார்" என்றார் மேனேஜர். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அவருக்கு அவர் கவலை. "அது அவங்க சேமிப்புன்னா, சேமிப்புன்னு எழுதுங்க. இல்லைன்னா, இல்லைன்னு எழுதி, உறுப்பினர் சம்பளத்துல பிடிச்ச பணம் ஏன் ஊழியர் கணக்குக்குப் போச்சுன்னு கீழே காரணம் எழுதணும். தணிக்கைக்கு வர்றவங்க கேப்பாங்க. நான் மாட்டிக்க முடியாது."

"இந்தப் பிடித்தத்தை நிறுத்திட்டு வரச் சொல்லுங்க. வேற கணக்குல போட்டுட்டு வந்து கேக்கட்டும்" என்றார் புள்ளி சார்.

"வாடகையை இனிமே வரப்போற வாடகையா எழுதலாம். வருமானமும் சேமிப்பும் போன மூணு மாசச் சீட்டுல உள்ளதுதான். இனிமே சேமிக்கிறேன்னு யாரு வேணா எழுதிக் கொடுப்பாங்க. இதுவும் நீங்க சொன்னதுதான்" என்றாள் அவள்.

பெஞ்சில் இருந்த ஒருவரும் இப்போது சிரிக்கவில்லை. சிரித்தால் அவர் கோபத்தில் ஏதாவது கிறுக்கிவிடுவார் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது போல. அவருடைய கையெழுத்து விழுந்தால் அவளுக்கு வீடு. விழாவிட்டால் இன்று சாயங்காலம் அதே வீட்டுக்கு, அதே மனிதரோடு திரும்பிப் போக வேண்டும். இத்தனை பேர் முன்னால் இவ்வளவும் பேசிவிட்டுப் போக வேண்டும்.

அவர் பேனாவை எடுத்தார். வருமானம், இருபதாயிரம். தேவை ஐம்பத்தெட்டு, எட்டுப் புள்ளி கூட. விருப்பம் இருபத்திரண்டு, எட்டுப் புள்ளி குறைய. சேமிப்பு இருபது, வித்தியாசம் இல்லை. கூட்டினால் சைபர். எண்கள் எப்போதும் போல நேராகத்தான் இருந்தன. சேமிப்பு யாருடையது என்ற கட்டத்துக்கு வந்ததும் நின்றார். பிறகு அவள் பெயரை எழுதினார்.

"கையோட மாற்றுச் சீட்டும் போட்டுடுங்க" என்றார் மேனேஜர். "மனுவுல அவங்க பேரு, கணக்குல உங்க பேருன்னு ரெண்டு மாதிரி இருக்கக் கூடாது."

அவர் மாற்றுச் சீட்டை என்னிடமிருந்துதான் வாங்க வேண்டும். நான் எழுந்து போய்க் கொடுக்கவில்லை. அவரே எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போனார். அத்தனை வருஷத்துப் பணமும் வட்டியும் அவள் பெயருக்குப் போகும்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேனேஜர் சீட்டிலும் கடன் மனுவிலும் முத்திரை வைத்தார்.

பாவம் மனுஷன், நாலு பேர் முன்னால் இப்படி ஆகியிருக்க வேண்டாம் என்று அன்று மத்தியானம் சிலர் சொன்னார்கள். ஓட்டுநரின் மனைவி நாலு பேர் முன்னால்தான் எழுந்து போனாள். அப்போது இவர்களில் ஒருவரும் பாவம் என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

சீட்டை அவளிடம் நீட்டும்போது அவர் ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். போகாதே என்று சொல்லியிருக்கலாம். தப்பு என்று சொல்லியிருக்கலாம். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கே, இந்த இடத்தில் இவர் வாயைத் திறந்து மனிதர் மாதிரி ஒன்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்குமே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவளும் சீட்டை வாங்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் பேருக்கு மாத்தினா அரை சதவீதம் நஷ்டம்" என்றார் அவர்.

அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும். அந்த நஷ்டமாவது என்னோடதா இருக்கட்டும்."

என் மேஜைக்கு வந்து கடன் பணத்தை வாங்கி எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். வெல்டர் எழுந்து போய்ப் புள்ளி சார் முன்னால் உட்கார்ந்தார்.